பச்சையம் இருக்கட்டும், ஆக்சிஜனும் இருக்கட்டும்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே கேள்வி வந்துவிடும். ஆக்சிஜன் என்பதா, உயிர்வளி என்பதா? குளோரோஃபில் என்பதா, பச்சையம் என்பதா? எல்லாம் தமிழ், அல்லது எல்லாம் கடன்சொல் என்று ஒரே விதி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடைபோடுவதுதான் சரி என்பது என் கருத்து.

பச்சையத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பொருள் என்று சொல்லே காட்டிக்கொடுக்கிறது. இலைத்துளையும் அப்படித்தான். மாவுச்சத்து என்றதும் அரிசியும் உருளைக்கிழங்கும் நினைவுக்கு வருகின்றன. அதே பொருளுக்குத் தரசம் என்றும் ஒரு சொல் உண்டு. ஆனால் அதைப் படிக்கும் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. தமிழ் வடிவில் இருப்பதாலேயே ஒரு சொல் எளிதாகிவிடாது.

ஆக்சிஜன் கதை வேறு. அதன் குறியீடு O. கார்பனோடு சேர்ந்தால் CO, CO₂ என இரண்டு வாயுக்கள் கிடைக்கும். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு என்று எழுதினால், இரண்டிலும் ஆக்சிஜன் இருப்பதும் அளவில் வேறுபாடு இருப்பதும் பெயரிலேயே தெரியும். கரியமில வாயு பழகிய சொல்தான், ஆனால் அது CO₂ஐ மட்டுமே குறிக்கும். அடுத்த வகுப்பில் இரும்பு ஆக்சைடு வரும்போது, உயிர்வளி என்று படித்த பிள்ளைக்கு இந்த உறவு பிடிபடாது.

செய்முறைப் பகுதியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நான் இப்படி எழுதுவேன்: “இலையைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். பிறகு அதை ஆல்கஹாலில் இட்டு, அந்தக் குழாயை வெந்நீருக்குள் வைத்து ஆசிரியர் சூடாக்குவார். பச்சையம் நீங்கி இலை வெளிறும். அதைக் கழுவி அயோடின் கரைசலை விட்டால், மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும்.” அயோடின் என்பது ஆய்வகப் புட்டியில் ஒட்டியிருக்கும் பெயர். பிள்ளை அதைத் தேடி எடுக்க வேண்டுமே! ஆல்கஹாலைச் சாராயம் என்றால் நினைப்பு வேறெங்கோ போய்விடும்.

பெரிய குழப்பம் கலப்பதால்தான் வருகிறது. முதல் பத்தியில் பிராணவாயு, மூன்றாவதில் ஆக்சிஜன், கடைசியில் உயிர்வளி என்று எழுதினால் அவை மூன்று வாயுக்கள் என்றே பிள்ளை எண்ணும். படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் இது உடனே வெளிப்படும். மாற்றுப்பெயர் ஏதேனும் தெரிந்தே ஆகவேண்டும் என்றால், முதல்முறை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு விட்டுவிடலாம்.

இதே கட்டுரை யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்குப் போனால் ஆக்சிஜன் ஒட்சிசனாகவும், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பாகவும் மாறியாக வேண்டும். அவர்கள் பாடநூலில் அப்படித்தான் படிக்கிறார்கள். இரண்டு ஊர் வழக்கையும் ஒரே பக்கத்தில் கலப்பதைவிட, இரண்டு பதிப்பாக எழுதிக் கொடுப்பது நல்லது.