பூ ஒட்டிக்கொண்ட ஹேஷ்டேக்

எங்கள் தெருவில் மார்கழிக் கோலப்போட்டி வைத்தோம். நோட்டீசில் `#கோலப்போட்டி🌸` என்று போட்டுவிட்டு, படங்கள் வந்து குவியும் என்று காத்திருந்தோம். வந்தன, ஆனால் ஓரிடத்தில் அல்ல.

முதல் கோளாறு அந்தப் பூ. எக்ஸ் தளத்தில் ஈமோஜி வந்ததுமே ஹேஷ்டேக் முடிந்துவிடும். நீல எழுத்து பூவுக்கு முன்னால் நின்றுவிடும். இன்ஸ்டாகிராமிலோ பூவும் ஹேஷ்டேக்கின் பகுதி. அங்கே பூவோடு ஒன்று, பூ இல்லாமல் ஒன்று என்று இரண்டு ஹேஷ்டேக்குகள் ஆகிவிட்டன. 🙏 போன்ற கை ஈமோஜியாக இருந்திருந்தால் தோல் நிறம் மாறும்போது இன்னும் பிரிந்திருக்கும். இதற்குத் தீர்வு ஓர் இடைவெளிதான்: ஹேஷ்டேக்கை முடித்து, இடம் விட்டு, பிறகு பூவை வைக்க வேண்டும். அழகும் கெடாது, தேடலும் கெடாது.

இரண்டாவது கோளாறு நம் இலக்கணம். பாதிப்பேர் 'கோலபோட்டி' என்று ஒற்றில்லாமல் அடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையால் திருத்தலாம், தேடல் பெட்டியில் முடியாது. ஓர் ஒற்று குறைந்தால் அது வேறு சொல். 'கோ' என்ற எழுத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாகப் பாவிக்காத மென்பொருள் ஒன்றைத் தேடும்போது மற்றதைக் காட்டாது. பழைய கோப்பிலிருந்து நகலெடுப்பவர்கள் இதில் மாட்டுவார்கள்.

ஆகவே அடுத்த முறை சொல்லையே மாற்றினோம்: `#மார்கழிவாசல்26 🌸`. ழிக்கும் வாவுக்கும் நடுவில் ஒற்று மிகுமா என்ற சந்தேகமே எழாது. ஒகர, ஓகார எழுத்தும் இல்லை. 26 என்ற எண் மற்ற ஆண்டுப் படங்களைப் பெரும்பாலும் விலக்கிவிடும். இடைக்கோடு, முற்றுப்புள்ளி, இடைவெளி எதுவும் நடுவில் வரக்கூடாது. வந்தால் அங்கேயே அறுந்துவிடும். தமிழில் தட்டச்சு செய்யாதவர்களுக்காக `#margazhivaasal26` என்ற துணையையும் நோட்டீசில் அச்சிட்டோம். அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு வேறு போன்களிலிருந்து பதிவிட்டு, நீல எழுத்து எங்கே முடிகிறது என்று பார்த்தோம். தேடியபோது இரண்டு பதிவுகளும் ஒரே பக்கத்தில் வந்தன.

ஆனாலும் அந்தச் சொல் நமக்குச் சொந்தமாகிவிடாது. முதலில் போட்டவர் என்பதால் ஹேஷ்டேக்கில் யாருக்கும் உரிமை கிடைப்பதில்லை. வணிகச் சின்னச் சட்டம் 1999இன் கீழ்ப் பெயரைப் பதிவுசெய்தாலும், அந்தச் சொல்லைச் சாதாரணமாகப் பேசுவோரைத் தடுக்க முடியாது. இந்தத் திறந்த கதவு வழியாகத்தான் மோசடியும் நுழையும்: அதே ஹேஷ்டேக்கோடு 'பதிவுக் கட்டணம் 200 ரூபாய்' என்று ஒரு க்யூஆர் கோடு வரலாம். கட்டணம் உண்டா இல்லையா என்பதை நோட்டீசிலேயே, ஹேஷ்டேக்குக்குக் கீழே எழுதிவிடுங்கள். போலிப் பதிவைக் கண்டால் ஸ்கிரீன்ஷாட்டும் அதன் இணைப்பும் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அந்தத் தளத்தில் புகார் செய்யுங்கள். முதலில் புகார் செய்தால் பதிவு மறைந்து ஆதாரமும் போய்விடலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைத்து, `cybercrime.gov.in` தளத்திலும் பதிவுசெய்ய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க முயல்வார்கள், அதற்கு முதல் சில மணி நேரம்தான் கைகொடுக்கும்.