வரைவின் ஓரத்தில் எழுதும் குறிப்பு

சக ஊழியரின் வரைவு அறிக்கையில் ‘தெளிவாக இல்லை’ என்று மட்டும் எழுதிவைத்தால், எதைத் திருத்துவது என்று அவருக்குப் புரியாது. ‘விற்பனை கணிசமாகக் குறைந்தது’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். அதன் அருகில் இப்படி எழுதலாம்: “எவ்வளவு குறைந்தது என்று மேலாளர் கேட்பார். அட்டவணையில் 12 சதவீதம் என்று இருக்கிறதே, அதையே இங்கும் போடலாமா?” சிக்கலும் தீர்வும் இதிலேயே இருக்கின்றன. குறை வரியைப் பற்றியது. எழுதியவரைப் பற்றியது அல்ல.

குறிப்புகள் நிறைய இருந்தால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘அவசியம்’ அல்லது ‘விருப்பம்’ என்று போட்டுவிடுங்கள். முதல் வரைவில் எழுத்துப்பிழைகளைத் துரத்த வேண்டாம். அந்தப் பத்தியே நீக்கப்படலாம். நன்றாக வந்த பகுதியையும் காரணத்தோடு சொல்லுங்கள். திருத்தும்போது அதில் அவர் கைவைக்க மாட்டார்.