சரணம் திரும்பி வரும் இடம்

திரைப்பாட்டில் பெரும்பாலும் பல்லவிக்குத்தான் முதலிடம். இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரத்தில் பாடிக் கொடுப்பார். கவிஞர் அந்தச் சந்தத்துக்கு நாலைந்து பல்லவி எழுதிக் காட்டுவார். இயக்குநருக்குப் பிடித்த பல்லவி தேறிய பிறகே சரணத்தில் கை வைப்பார்கள். ஆனால் மெட்டு இல்லாமல் தானாக எழுத உட்காருகிறவருக்கு, எதில் தொடங்குவது என்பது அவரே எடுக்க வேண்டிய முடிவு.

ஒரு பாட்டை எழுதிப் பார்ப்போம். மழைக்குக் காத்திருக்கும் மானாவாரி விவசாயிப் பெண். 'மழை வரும்வரை காத்திரு' என்று பல்லவி அமைந்துவிட்டது. சரணம் முடிந்ததும் இந்த அடிக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் சரணத்தின் கடைசி அடியை முதலில் யோசிப்பது நல்லது. 'விதையை மடியில் கட்டிக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றாள்' என்று எழுதினால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் பல்லவி தனியாகத் துண்டுபட்டு ஒலிக்கும். 'நிற்பவளே' என்று மாற்றிப் பாடிப் பாருங்கள். விளி, தனக்குரிய வினையைத் தேடிப் பல்லவிக்குள் இறங்கிவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால் கிடைக்கும் வசதி இது. கீர்த்தனைகளிலும் சரணத்தின் ஈற்றடி இப்படிப் பல்லவியோடு பொருள் முடிவதைப் பல இடங்களில் கேட்கலாம்.

இந்த வழியில் ஒரு பள்ளம் உண்டு. பல்லவியிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டதால், சரணங்கள் அதையே வேறு உவமைகளில் சொல்லத் தொடங்கும். இரண்டு சரணங்களையும் இடம் மாற்றிப் பாடினால் தெரிந்துவிடும். எந்த வேறுபாடும் தோன்றவில்லையென்றால் பாட்டு நகரவில்லை.

இப்போது அதே பெண்ணைச் சரணத்தில் தொடங்குவோம். தோட்டை அடகு வைத்து விதை வாங்கினாள், உழவு ஓட்டினாள், மேகம் கூடிக் கலைவதை மூன்று நாளாகப் பார்க்கிறாள். இவ்வளவும் எழுதியபின் 'காத்திரு' என்ற புத்திமதி பொருந்தாது. அவள் வாயிலிருந்தே 'இந்த வருசமும் ஏமாத்திடாதே' என்று வரும். வெளியே நின்று ஆறுதல் சொன்ன குரல் போய், வானத்தைப் பார்த்து அவளே கெஞ்சும் குரல் வந்துவிட்டது. கதை சொல்லும் பாட்டுக்கு நான் இந்த வரிசையைத்தான் விரும்புவேன்.

இதில் கவனிக்க வேண்டியது, பல்லவி முதல் சரணத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டுவிடக் கூடாது. 'தோட்டை மீட்கணும் மழையே' என்று வைத்தால் முதல் சரணத்துக்குக் கச்சிதமாக இருக்கும். இரண்டாவது சரணத்தில் அவள் பட்டணம் போன மகனை நினைக்கிறாள் என்றால், அங்கிருந்து தோட்டுக்குத் திரும்ப வழியில்லை. 'இந்த வருசமும்' என்றால் மகன் வராத வருசத்தையும் அது சேர்த்துக்கொள்ளும்.