புதுப் போனின் முதல் அரைமணி நேரம்

பட்டன் போனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறும் பலருக்கு, புதுப் போன் கைக்கு வரும்போதே பாதி வேலை முடிந்திருக்கிறது. கடைப் பையன் சிம்மைப் போட்டு, தானே ஒரு ஜிமெயில் முகவரியை உருவாக்கி, "எல்லாம் செட் பண்ணியாச்சும்மா" என்று நீட்டிவிடுகிறான். அந்த முகவரியும் பாஸ்வேர்டும் என்னவென்று யாரும் கேட்பதில்லை. அவனும் மறந்துவிடுகிறான்.

இதில் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருவர் இப்படித்தான் போன் வாங்கினார். சில மாதம் கழித்துத் திரைப் பூட்டின் எண் மறந்துபோனது. பழுது பார்க்கும் இடத்தில் போனை முழுவதுமாக அழித்து, புதிது போலாக்கினார்கள். அது திறந்ததும் முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கின் முகவரியையும் பாஸ்வேர்டையும் கேட்டது. திருடியவர் போனை அழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 பதிப்போடு வந்த காவல் இது. சொந்தக்காரருக்கே கணக்கு தெரியாதபோது, அவரையும் அது உள்ளே விடாது. பில்லை எடுத்துக்கொண்டு அவர் சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியதாயிற்று.

ஆகவே கடையில் போனின் திரையும் சார்ஜரும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மற்றதை வீட்டில் உட்கார்ந்து, ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் சிம். போனின் ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் சிறு கம்பியை அதில் நேராக அழுத்தினால் சிம் தட்டு வெளியே வரும். பல போன்களில் அதே பக்கம் மைக்குக்கும் ஒரு ஓட்டை உண்டு. தட்டின் விளிம்புக் கோடு தெரியும் இடத்தில் இருப்பதில்தான் குத்த வேண்டும். இப்போதைய போன்களுக்கு நானோ சிம்தான் பொருந்தும். பழைய பட்டன் போனின் பெரிய சிம்மைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். உங்கள் சிம் நிறுவனத்தின் கடையில் அதே எண்ணுக்குப் புது சிம் தருவார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சிம்மை மாற்றினால் மோசடியைத் தடுப்பதற்காக 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். கணக்கு தொடங்க எஸ்எம்எஸ் தேவைப்படும் என்பதால், சிம் மாற்றிய மறுநாள் போனைத் தொடங்குவதே நல்லது. இல்லையென்றால் வராத எண்ணுக்காகக் காத்திருப்பீர்கள்.

பக்கவாட்டுப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போன் உயிர்பெறும். முதலில் மொழி கேட்கும். பட்டியலில் தமிழும் உண்டு, தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். பிறகு வைஃபை கேட்கும். வீட்டில் வைஃபை இல்லையென்றால் சிம்மின் இணையமே போதும். பழைய போனிலிருந்து தகவலைக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டன் போனிலிருந்து இந்த வழியில் எதுவும் வராது.

அடுத்து வருவதுதான் முக்கியமான திரை: கூகுள் கணக்கு. "கணக்கை உருவாக்கு" என்பதைத் தொட்டு, சொந்தப் பயன்பாட்டுக்கு என்று தேர்வு செய்யுங்கள். பெயர் கேட்கும், பிறகு பிறந்த தேதி. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தேதியும் மாதமும் போட்டுவிட்டு, ஆண்டை அவசரத்தில் தவறாகப் போட்டால், உங்களைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டு பெற்றோரின் அனுமதியைக் கேட்கும். உண்மையான பிறந்த ஆண்டையே கொடுங்கள்.

ஜிமெயில் முகவரிக்குக் கூகுளே சில பெயர்களைப் பரிந்துரைக்கும். அவற்றில் நீண்ட எண் வரிசை ஒட்டியிருந்தால் நினைவில் நிற்காது. உங்கள் பெயரோடு ஊர்ப் பெயரையோ வீட்டுப் பெயரையோ சேர்த்து நீங்களே அமைத்துப் பாருங்கள். வேறு யாரும் எடுத்திருக்காவிட்டால் கிடைக்கும். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவில் ஓர் எண் போட்டால் நினைவில் வைப்பது எளிது, மற்றவர் ஊகிப்பது கடினம். முகவரியையும் பாஸ்வேர்டையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறாமல் அப்போதே நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு பீரோவில் இருக்கட்டும். போன் உறைக்குள் செருகி வைத்தால், போனைத் திருடுபவருக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தது போலாகும்.

போன் எண் கேட்கும்போது உங்கள் எண்ணைக் கொடுங்கள். 6 இலக்க எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும். அதைத் திரையில் நீங்களே இடுவது சரி. யாராவது போன் செய்து கேட்டால் மட்டும் சொல்லக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு கணக்கு அமைப்பில் மகளுடையதோ மகனுடையதோ மின்னஞ்சலை மீட்பு முகவரியாகச் சேர்த்துவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் வேறொரு போனில் g.co/recover என்ற பக்கத்தைத் திறந்து, அதன் வழியாகக் கணக்கைத் திரும்பப் பெறலாம்.

அடுத்து வரும் கூகுள் சேவைகள் திரையில் சில பொத்தான்கள் ஏற்கெனவே போட்டிருக்கும். இருப்பிடம் வழி பார்க்கவும் தொலைந்த போனைத் தேடவும் உதவும் என்பதால் இருக்கட்டும். பயன்பாட்டுத் தகவலை அனுப்புவதை அணைத்துவிடலாம், போன் அதே மாதிரிதான் வேலை செய்யும். கூடுதல் செயலிகளின் பட்டியல் வந்தால், தெரியாத எதற்கும் டிக் வேண்டாம்.

திரைப் பூட்டுக்கு 6 இலக்க எண்ணை வையுங்கள். பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் வேண்டாம். கோடு இழுக்கும் பூட்டைவிட எண் மேல், ஏனென்றால் எண்ணெய் பட்ட விரலின் தடம் கண்ணாடியில் கோடாகவே தெரியும். விரல்ரேகையும் சேர்க்கலாம். வயல் வேலை, பாத்திர வேலை செய்து ரேகை தேய்ந்த விரலைப் போன் அடிக்கடி மறுக்கும். அப்படியிருந்தால் அதே கட்டைவிரலை இரண்டு ரேகைகளாகப் பதிவு செய்யுங்கள், பிடிபடுவது கூடும். ரேகை இருக்கிறதே என்று எண்ணை மறந்துவிடக் கூடாது. போன் அணைந்து மீண்டும் எழும்போது ரேகையை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். இதற்காகவே முதல் நாளில் ஒருமுறை போனை அணைத்து, திறந்து, எண்ணை இட்டுப் பாருங்கள்.

முகப்புத் திரை வந்ததும் அமைப்புகளில் "டிஸ்ப்ளே" பகுதிக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்குங்கள். அமைப்புகளிலேயே மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது அதை இறக்கி முடித்துவிடலாம்.

கடைசியாகத் தொடர்பு எண்கள். பட்டன் போனில் சிம்மில் சேமித்தவை மட்டுமே சிம்மோடு கூட வரும், அதுவும் சிம்மை மாற்றியிருந்தால் வராது. போனின் நினைவகத்தில் இருந்தவை பழைய போனிலேயே நின்றுவிடும். பழைய சிம் கையில் இருக்கும்போதே எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புதுப் போனின் தொடர்புகள் செயலியில் புது எண்ணைச் சேர்க்கும்போது, எங்கே சேமிப்பது என்று சாதனம், சிம், கூகுள் கணக்கு என மூன்று இடம் காட்டும். உங்கள் ஜிமெயில் முகவரி தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். போன் கிணற்றில் விழுந்தாலும், அடுத்த போனில் அதே கணக்கைத் திறந்தால் எண்கள் அப்படியே வந்துசேரும்.