கையெழுத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல்

மதுரையில் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸுக்கு பிரிட்டனின் அரசு மருத்துவமனையிலிருந்து வேலை வாய்ப்புக் கடிதம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருக்கும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு அங்கே தானாகச் செல்லாது. பிரிட்டனின் செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி. தரும் ‘பின்’ எண் கிடைத்தால்தான் அவர் அங்கே நர்ஸ்.

ஆங்கிலத் தேர்வையும், சிபிடி என்ற கணினித் தேர்வையும் ஊரிலிருந்தே முடித்துவிடலாம். கடைசியாக வரும் ஆஸ்கி செய்முறைத் தேர்வு பிரிட்டனில் மட்டுமே நடக்கிறது. அதனால் விமானம் ஏறும்போது அவர் இன்னும் அந்நாட்டு நர்ஸ் ஆகியிருக்க மாட்டார். ஆட்சேர்ப்பு அதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சல் இந்த இடைவெளியைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

“பின் எண் வரும்வரை எனக்கு எந்தச் சம்பளம்?” என்பது முதல் கேள்வி. அதுவரை பேண்ட் 3, பிறகு பேண்ட் 5 என்பதே வழக்கம். கடிதத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டாவது தொகைதான்.

“ஆஸ்கியில் தவறினால் என்ன ஆகும்?” என்பது அடுத்தது. நோயாளியைப் பரிசோதிப்பது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, ஊசி போடுவது எனப் பத்து நிலையங்கள். முழுத் தேர்வுக் கட்டணம் 794 பவுண்டு. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முயற்சிகள் உண்டு. ஏழு நிலையங்கள் வரை தவறியிருந்தால் அவற்றை மட்டும் மறுபடி எழுதலாம். மறுதேர்வுக் கட்டணம் யார் பொறுப்பு, எத்தனை வாரப் பயிற்சி தருவார்கள், மூன்றாம் முறையும் தவறினால் வேலை போகுமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும்.

மூன்றாவது, நடுவில் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். “தொகை எவ்வளவு, எதெதற்கு, மாதாமாதம் குறையுமா?” என்று கேட்கலாம். உதாரணத்துக்கு, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் 4,800 பவுண்டு என்று வையுங்கள். மாதம் 200 குறைந்தால், பதினெட்டாம் மாத முடிவில் விலகுபவர் 1,200 கட்டுவார். குறையாது என்றால் முழு 4,800-ம் கட்ட வேண்டும். விமான டிக்கெட், தேர்வுக் கட்டணம் என்று கணக்குக் காட்டாமல் மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் பட்டியல் கேளுங்கள். வேலை வாங்கித் தருவதற்கென்று ஏஜென்சி உங்களிடம் பணம் கேட்டால், அது பிரிட்டனின் ஆட்சேர்ப்பு நெறிமுறைக்கே எதிரானது.

“கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்வோம்” என்று பதில் வந்தால், கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. தொகையும் தேதியும் உள்ள பதிலை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்த பிறகு கையெழுத்து. அதற்குப் பிறகுதான் இங்குள்ள வேலைக்கு ராஜினாமா.