காதுகுத்து இரண்டு நிமிடத்தில்

காதுகுத்து முடிந்த மறுநாள் போனில் நாற்பது துண்டு வீடியோக்கள் கிடக்கும். அவற்றை இரண்டு நிமிடப் படமாக்க VN அல்லது InShot போதும். VN இலவசம், InShot-இன் இலவசப் பதிப்பு மூலையில் தன் பெயரைப் பதிக்கும்.

முதலில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். நடுத்தர விலை போன் திணறும். கேலரியிலேயே பார்த்து இருபதை மட்டும் தேர்ந்தெடுங்கள். சித்தப்பா எடுத்ததையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

மொட்டை, மாலை, பந்தி எல்லாம் மூன்று நொடி போதும். ஊசி இறங்கும் இடத்துக்குப் பத்து நொடி கொடுங்கள். குழந்தை வீறிடுவதும், மாமா மடியில் இறுக்கிப் பிடிப்பதும், பாட்டி “அவ்ளோதான்டா கண்ணு” என்பதும் அதில்தான் இருக்கின்றன. பலர் இங்கேதான் சினிமாப் பாட்டைப் போட்டு அந்தக் குரலை மூழ்கடிக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு மட்டும் பாட்டின் ஒலியைப் பத்து சதவீதத்துக்குக் குறையுங்கள்.

எக்ஸ்போர்ட்டில் 1080p, 30 பிரேம் போதுமானது. 4K வைத்தால் போன் சூடாகும், சிலசமயம் பாதியில் நின்றுவிடும். படம் சேமிப்பாகி, ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்க்கும்வரை மூல வீடியோக்களை அழிக்காதீர்கள். செயலி பெரும்பாலும் அவற்றை கேலரியிலிருந்தே எடுத்துக் காட்டுகிறது. அழித்தால் அந்தத் துண்டு காணாமல் போகும்.