தெளிக்கும் முன் இலையைப் பாருங்க

போன ஆடியில் கத்தரிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிச்சேன். பாதி வரப்புக்குத்தான் போச்சு. காற்றைப் பார்க்காமல் இறங்கினது என் தப்பு.

காற்றை அளக்கக் கருவி தேவையில்லை. 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் வகுத்த அளவுகோல் இருக்கு. 0-இல் தொடங்கி, கடும்புயலான 12 வரை போகும். அவர் கப்பல் பாயை வைத்து வகுத்தார். இலை, புகை அடையாளங்கள் பின்னால் சேர்ந்தவை.

புகை நேராக மேலே போனால் 0. புகை சாய்ந்தால் 1. முகத்தில் காற்று பட்டு, இலை சலசலத்தால் 2. மணிக்கு 6 முதல் 11 கி.மீ. இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 3. அப்போது கடலில் அலை நுனி உடையத் தொடங்கும். புழுதி கிளம்பினால் 4.

தெளிப்புக்கு 1, 2 தான் சரி. 3 வந்தால் நிறுத்திடுங்க. 0-வும் ஆகாது; அசையாத விடியற்காலைக் காற்றில் நுண்துளிகள் பயிரில் இறங்காமல் மிதந்துகொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: அரச இலையை நம்பாதீங்க. காம்பு நீளம், லேசான காற்றுக்கே படபடக்கும். பக்கத்து வேம்பைப் பாருங்க. பண்ணைக்குட்டை அலையும் கணக்குக்கு உதவாது; சின்ன நீர்ப்பரப்பில் அலை வளர இடமில்லை.